சேலைக் குஞ்சம்: மணிக் கணக்கில் பார்த்தால் என்ன கிடைக்கும்?

கேள்வி: ப்ளஸ் ஒன் படிக்கிறேன், வயசு 16. கைச்செலவுக்கு வீட்டில் கேட்காமல் கொஞ்சம் சம்பாதிக்கணும். படிப்பு கெடக் கூடாது, ஏமாற்று வேலையாகவும் இருக்கக் கூடாது. என்ன செய்யலாம்?

கும்பகோணத்தில் ப்ளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் சிலர் என்னிடம் சேலை வாங்கிப் போய்க் குஞ்சம் கட்டிக் கொடுக்கிறார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை அதுதான், அதனால் அதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன். பையனாக இருந்தால் தள்ளிவிடாதீர்கள். என்னிடம் வேலை வாங்கும் பையன் ஒருவனுடைய முடிச்சுதான் எல்லாவற்றிலும் ஒரே சீராக இருக்கும்.

மற்ற வேலைகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பேப்பர் போடுவது, கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறுவது இரண்டையும்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். ஆனால் 14 முதல் 18 வயதுக்குள் இருப்பவர்களைக் கடையோ நிறுவனமோ இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணி வரை வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. பேப்பர் போடும் வேலை விடியற்காலையில். கல்யாணப் பந்தியோ ராத்திரி ரிசப்ஷனில்தான் களைகட்டும். இரண்டுமே அந்த நேரத்துக்குள் விழுகின்றன. சட்டத்தை விடுங்கள், ராத்திரி பதினொன்றரைக்கு இலை எடுத்துப் போட்டுவிட்டு மறுநாள் இயற்பியல் வகுப்பில் கண் விழித்து உட்கார முடியாது. தெருவில் மூன்றாவது, நாலாவது படிக்கிற பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பது நல்ல வேலைதான். ஒரே சிக்கல், தினமும் ஒரே நேரத்தில் இருந்தாக வேண்டும். உங்களுக்குப் பரீட்சை நடக்கும்போதுதான் அந்தப் பிள்ளைகளுக்கும் பரீட்சை நடக்கும்.

குஞ்சம் கட்டுவதில் அந்தத் தொல்லை இல்லை. சேலை உங்கள் வீட்டில் இருக்கும், நீங்கள் சொன்ன தேதியில் கொடுத்தால் போதும். இன்றைக்கு அரை மணி, ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி என்று பிரித்துச் செய்யலாம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சேலையின் முந்தானை ஓரத்தில் வரிசையாகத் தொங்குமே, அதுதான் குஞ்சம். தறியிலிருந்து வரும் பட்டுச்சேலையில் முந்தானை முடிவில் பாவு நூல் சில அங்குலம் நெய்யாமல் விட்டிருக்கும். அந்த நூலையே சின்னச் சின்னக் கொத்தாகப் பிரித்து முடிச்சுப் போட்டால் அது ஒரு வகை. அப்படி நூல் விடாத சேலைக்கு ஓரத்தை மடித்துத் தைத்து, சில்க் த்ரெட் என்று கடையில் கிடைக்கும் பளபளப்பான நூலைக் கோத்துத் தனியாகக் கட்டுவது இரண்டாவது வகை. குரோஷா ஊசியில் பின்னி மணி, முத்து வைத்துக் கட்டுவது மூன்றாவது. இந்த வரிசையிலேயே பழகுங்கள். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதலில் கேட்பது மூன்றாவதைத்தான், பார்க்க அழகாக இருப்பதால்.

முதல் வகைக்கு ஒரு சீப்பு, ஒரு கத்தரிக்கோல், ஒரு ஸ்கேல், ஒரு ஊசி போதும். முந்தானையைத் தரையிலோ கட்டிலிலோ விரித்து, மேலே கனமான புத்தகம் ஒன்றை வைத்து நகராமல் நிறுத்துங்கள். தொங்கும் நூலைச் சீப்பால் சிக்கெடுத்து, அரை அங்குலத்துக்கு ஒரு கொத்தாகப் பிரித்து, ஓரத்தை ஒட்டி முடிச்சுப் போட வேண்டும். முடிச்சை ஒரே இழுப்பில் இறுக்கினால் அது ஓரத்திலிருந்து கீழே தள்ளி நின்றுவிடும். ஊசி முனையை முடிச்சின் நடுவில் வைத்து மேலே தள்ளிக்கொண்டே இறுக்கினால்தான் எல்லா முடிச்சும் ஒரே கோட்டில் நிற்கும். சேலை அகலம் 46 அங்குலம் என்றால் அரை அங்குலக் கணக்கில் சுமார் 90 முடிச்சு வரும். பழகிய கைக்கு ஒன்றேகால் மணி நேரம்.

இரண்டாவது வகையில்தான் வேலை அதிகம் வருகிறது. முதலில் ஓரம். வெட்டிய ஓரமாக இருந்தால் கால் அங்குலம் இரண்டு மடிப்பு மடித்து ஹெம்மிங் போட வேண்டும். இதை விட்டுவிட்டு ஒற்றைத் துணியில் குஞ்சத்தைக் கோத்தால், சேலையை இரண்டு தடவை உடுத்திய பிறகு ஊசி போன துளை பிரிந்து ஓரம் கிழியத் தொடங்கும். பிறகு சாக்பீஸால் குறி வைக்க வேண்டும். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு அளந்துகொண்டே போனால் கடைசியில் முக்கால் அங்குலமோ கால் அங்குலமோ மிஞ்சி, அந்த மூலை மட்டும் கோணலாகத் தெரியும். முந்தானையை இரண்டாக மடித்து நடுவில் முதல் குறியை வைத்து, இரண்டு பக்கமும் போங்கள். மிச்சம் வந்தாலும் இரு ஓரத்திலும் சமமாகப் பிரிந்துவிடும்.

நூல் எவ்வளவு வேண்டும் என்பதைக் கடைக்குப் போகும் முன் கணக்குப் போட்டுவிடலாம். ஒரு அங்குலத்துக்கு ஒரு குஞ்சம் என்றால் 45 குஞ்சம். ஒவ்வொன்றுக்கும் 25 இழை, இழை ஒன்று 5 அங்குல நீளம். பெருக்கினால் 5,625 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 143 மீட்டர். வெட்டுச் சேதாரத்துக்கும் சேர்த்து 160 மீட்டர் வாங்கினால் போதும். வாடிக்கையாளர் “நெருக்கமா வேணும்” என்று சொல்லி அரை அங்குலம் ஆக்கினால் நூலும் இரண்டு மடங்கு, நேரமும் இரண்டு மடங்கு. இதை யோசிக்காமல் பழைய விலைக்கே ஒத்துக்கொள்வதுதான் புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம்.

கட்டும் முறை இதுதான். 25 இழையை ஒன்றாகச் சேர்த்து நீளமான கொத்தாக எடுத்து, பெரிய காதுள்ள ஊசியில் கோத்து, மடித்த ஓரத்தில் குறி உள்ள இடத்தில் குத்தி இழுங்கள். இரண்டு பக்கமும் இரண்டரை அங்குலம் தொங்கும்படி வெட்டிவிட்டு, அடுத்த குறிக்குப் போங்கள். வரிசை முழுக்கக் கோத்த பிறகு ஒவ்வொன்றின் கழுத்திலும் ஜரிகை நூலால் நாலைந்து சுற்றுச் சுற்றி இரட்டை முடிச்சுப் போட வேண்டும். சில்க் த்ரெட் வழுக்கும் நூல். ஒற்றை முடிச்சு முதல் நாளே நழுவிவிடும். முடிச்சின் பின்பக்கம் துணிக்கு ஒட்டும் பசையை ஊசி முனையில் தொட்டு ஒரு புள்ளி வையுங்கள். பசை அதிகமானால் காய்ந்ததும் வெள்ளையாகத் தெரியும்.

கண்டிலிருந்து வரும் நூல் சுருண்டுகொண்டே நிற்கும். அதற்கு இட்லிப் பானையிலிருந்து வரும் ஆவி போதும். குஞ்சத்தை மட்டும் ஆவியில் சில நொடி காட்டி, சீப்பால் கீழ்நோக்கி வாரிக் காயவிட்டால் நேராக நிற்கும். அயர்ன் பாக்ஸை நேராக வைக்கக் கூடாது, நூலும் ஜரிகையும் பாழாகும். நீளத்தைச் சமமாக வெட்டுவது கடைசி வேலை. இரண்டு அங்குல அகலத்தில் ஒரு அட்டைத் துண்டைப் பின்னால் வைத்து அதன் ஓரத்தோடு வெட்டுங்கள். ஆவி காட்டும் முன்பு வெட்டினால் நூல் நிமிர்ந்த பிறகு ஏறுக்குமாறாகிவிடும்.

என்னிடம் திரும்பி வருகிற சேலைகளில் பெரும்பாலும் இரண்டு குறைதான் இருக்கும். ஒன்று, சாயம். மெரூன், கரும்பச்சை, கருநீலம் போன்ற அடர்நிற நூலில் இது அதிகம். நூலில் கொஞ்சத்தை நனைத்து வெள்ளைப் பருத்தித் துணியில் வைத்துப் பிழிந்து பாருங்கள். துணியில் லேசாக நிறம் ஏறினால்கூட அந்தக் கண்டைப் பயன்படுத்தாதீர்கள். வெளிர்நிறப் பட்டில் ஒரு சொட்டு வியர்வை பட்டாலே போதும், கறை இறங்கிவிடும். உப்புத் தண்ணீரில் போட்டால் சாயம் நிற்கும் என்று யாராவது சொன்னால் சொந்தச் சேலையில் செய்து பார்க்கட்டும்.

இன்னொன்று, சுருக்கம். குஞ்சம் கட்டிய பிறகு முந்தானை ஓரம் விரியாமல் கொசகொசவென்று கூடி நிற்கும். குரோஷாவில் இறுக்கிப் பின்னுகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். ஆரம்பிக்கும் முன் ஓரத்தின் அகலத்தை டேப்பால் அளந்து நோட்டில் எழுதுங்கள். கால்வாசி முடித்ததும் அந்தக் கால்வாசியை மட்டும் மறுபடி அளந்து பாருங்கள். குறைந்திருந்தால் அங்கேயே பிரித்துவிடலாம். முழுக்க முடித்தபின் பிரித்தால் ஊசித் துளைகள் தெரியும்.

நிறம் பொருத்துவதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். நூல் வாங்கப் போகும்போது முந்தானையின் ஓரத்தைப் பகல் வெளிச்சத்தில் வைத்துத்தான் பொருத்திப் பார்க்க வேண்டும். ட்யூப் லைட்டில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு பச்சை வெளியே வந்தால் வேறு வேறாக இருக்கும். பாவு ஒரு நிறமும் ஊடை ஒரு நிறமுமாக நெய்த பட்டில் எந்த நிறம் வேண்டும் என்பதை நீங்களாக முடிவு செய்யாமல் கேட்டுவிடுங்கள்.

இப்போது பணக் கணக்கு. எங்கள் பக்கத்து விலையை வைத்துச் சொல்கிறேன், உங்கள் ஊரில் கூடக் குறைய இருக்கும். என்னிடம் வேலை வாங்கும் ப்ளஸ் ஒன் பெண் ஒருத்தி நேராக அக்கம்பக்கத்தாரிடமும் எடுத்துச் செய்கிறாள். நூல் குஞ்சத்துக்கு 250 ரூபாய் வாங்குகிறாள். நூல், ஜரிகை, பசை எல்லாம் சேர்த்து 70 ரூபாய் போகிறது. மீதி 180. கடைக்குப் போய் நூல் பொருத்திய நேரத்தையும் சேர்த்து மூன்று மணி ஆகிறது. மணிக்கு 60 ரூபாய். மணி வைத்த குரோஷா குஞ்சத்துக்கு 600 ரூபாய். அதில் மணியும் நூலும் 160. மீதி 440 ரூபாய் பெரிதாகத்தான் தெரியும், ஆனால் அவளுக்குப் பத்து மணி நேரம் பிடிக்கிறது. மணிக்கு 44. வெறும் முடிச்சுக்கு 100 ரூபாய்தான், ஆனால் பொருள் செலவே இல்லை, ஒன்றேகால் மணியில் முடிந்துவிடுகிறது. மணிக்கு 80 வருகிறது.

இந்தக் கணக்கை அவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன்.

“அப்ப இவ்வளவு நாளா நான் மணி வச்சதெல்லாம் வீண்தானாக்கா?” என்றாள்.

“வீண் இல்லம்மா, விலை கம்மியா சொல்லியிருக்கே. 600-ஐ 800 ஆக்கு. கொடுக்கலேன்னா விட்டுடு.”

அவள் 800 சொல்ல ஆரம்பித்த பிறகு குரோஷா ஆர்டர் குறைந்துபோனது, வெறும் முடிச்சும் நூல் குஞ்சமும்தான் இப்போது அதிகம். மாதம் நாலு ஞாயிறு, ஒவ்வொன்றிலும் மூன்று மணி நேரம் என்று வைத்தால் 700 முதல் 900 ரூபாய் வரை வருகிறது. இதற்கு மேல் ஆசைப்பட்டு வாரத்துக்கு நாலைந்து சேலை எடுத்தால் கழுத்தும் கண்ணும் முதலில் புகார் சொல்லும், பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து புகார் வரும்.

படிப்போடு மோதுவது நாளில் அல்ல, மாதத்தில். தை பிறந்ததிலிருந்து பங்குனி வரை முகூர்த்தம் கூட்டமாக இருக்கும், சேலை குவியும். உங்களுக்கு ரிவிஷனும் ஆண்டுத் தேர்வும் அதே மாதங்களில்தான். அடுத்த வருஷம் ப்ளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச்சில் வரும்போது இன்னும் மோசம். அதனால் தை நடுவிலேயே “இனிமே சித்திரையிலதான்” என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிவிடுங்கள். மார்கழியில் கல்யாணம் இல்லை, வேலையும் இல்லை, உங்கள் அரையாண்டுத் தேர்வு அப்போதுதான். அது தானாகவே பொருந்திவிடுகிறது. ஏப்ரல் கடைசியில் லீவு விட்டதும் சித்திரை, வைகாசி முகூர்த்தம் இருக்கிறது. வருஷத்தில் நிஜமாகச் சம்பாதிக்கும் காலம் அந்த ஆறேழு வாரம். தீபாவளிக்கு முன்பும் வேலை வரும், ஆனால் “இன்னிக்குச் சாயந்தரமே வேணும்” என்பவர்கள் அப்போதுதான் அதிகம். அவர்களை அனுப்பிவிடுங்கள். அவசரத்தில் கட்டிய குஞ்சம்தான் நழுவும்.

அடுத்தவர் பட்டுச்சேலை உங்கள் கையில் இருக்கும்போது கொஞ்சம் பயம் இருக்க வேண்டும். வாங்கும்போதே வெளிச்சத்தில் விரித்து, ஏற்கெனவே உள்ள கறையையோ இழை பிரிந்த இடத்தையோ கொடுப்பவரிடம் காட்டி, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டில் பெயர், சேலை நிறம், எந்த வகைக் குஞ்சம், விலை, கொடுக்கும் தேதி என்று ஒரு வரி எழுதுங்கள். நூலுக்கான காசை முன்பணமாக வாங்குங்கள், உங்கள் கைக்காசைப் போடாதீர்கள். சேலையைப் பழைய வேட்டியில் சுற்றி வைத்து, முந்தானையை மட்டும் வெளியே எடுத்து வேலை செய்யுங்கள். கை கழுவி, தேங்காயெண்ணெய் தலையோடு குனியாமல் உட்காருங்கள். பேனாவை அந்தப் பாயிலேயே வைக்காதீர்கள். முதல் சில மாதம் பட்டு எடுக்கவே வேண்டாம். அம்மாவின் பழைய காட்டன், பெரியம்மாவின் சில்க் காட்டன் என்று கை பழகட்டும்.

ஏமாற்று வேலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். “வீட்டிலிருந்தே பென்சில் பேக்கிங், மாதம் 30,000, பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்” என்று வரும் செய்திகளைத் தெரிந்திருக்கும். வேலை கொடுப்பவர் உங்களிடம் பணம் கேட்டாலே அது வேலை இல்லை. அதைவிட ஆபத்து இன்னொன்று: “உன் வங்கிக் கணக்கை மட்டும் கொடு, பணம் வரும், எடுத்துக் கொடுத்தால் கமிஷன்.” 10 வயதுக்கு மேல் தாங்களே நடத்தும் சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ள முடியும் என்பதால் பள்ளிப் பிள்ளைகளிடமும் இது வருகிறது. வரும் பணம் யாரோ ஒருவரிடம் திருடியது. போலீஸ் முதலில் தேடி வருவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான். யாராவது மாட்டிக்கொண்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைத்துச் சொல்ல வேண்டும், வீட்டிலும் சொல்ல வேண்டும்.

முதல் ஆர்டர் எப்படி வரும்? கார்டு அடிக்க வேண்டாம். அரை மீட்டர் துணியை வாங்கி அதன் ஒரு ஓரத்தில் மூன்று வகையையும் பத்துப் பத்து கட்டி, பக்கத்தில் விலை எழுதிய துண்டு ஒன்றைக் குத்திக்கொள்ளுங்கள். அதை எடுத்துக்கொண்டு அம்மாவோ அப்பாவோ கூட வர, தெருவில் ப்ளவுஸ் தைக்கிற டெய்லர் அக்காவிடம் போங்கள். ஃபால்ஸ் வைக்க, ஓரம் அடிக்க வரும் சேலைகளில் பாதிக்குக் குஞ்சமும் வேண்டியிருக்கும், எங்களுக்கோ உட்கார்ந்து கட்ட நேரம் இருக்காது. மதியம் மூன்று மணிபோல் போங்கள், சாயங்காலம் கூட்டத்தில் யாரும் காது கொடுத்துக் கேட்க மாட்டோம். டெய்லர் வழியாக வந்தால் நூல் அவருடையது, உங்களுக்குக் கூலி மட்டும், நேரில் எடுப்பதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். ஆனால் நூல் பொருத்த அலைய வேண்டாம், சேலைக்கான பேச்சும் அவரோடு போய்விடும். ஒன்றை மட்டும் முதல் நாளே பேசிவிடுங்கள்: கூலி வாரா வாரமா, சேலைக்குச் சேலையா என்று. “மாசக் கடைசியில மொத்தமா தரேன்” என்று சொல்கிற கடையென்றால், முதல் மாதம் இரண்டு சேலைக்கு மேல் எடுக்காதீர்கள்.